ஆல்பம் எப்போது வரும்?

ஆவணியில் கும்பகோணத்தில் நடந்த என் அண்ணன் மகள் கல்யாணத்தின் ஆல்பம் பொங்கல் கழிந்துதான் கைக்கு வந்தது. ஸ்டுடியோக்காரர் சொன்ன கெடு 45 நாள். எழுதிக் கொடுத்த தாளில் அந்த 45 நாள் எப்போது தொடங்கும் என்பது இல்லை. தாமதத்தின் வேர் அங்கேதான்.

மூன்றே வாரத்தில் சுமார் 3,000 படங்களை ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து 250 படங்களைப் பொறுக்கித் தர வேண்டியது வீட்டார் வேலை. 40 ஷீட் ஆல்பத்துக்கு அவ்வளவுதான் கொள்ளும். இரண்டு வீட்டாரும் பார்த்து முடிக்கத் தீபாவளி வந்துவிட்டது. அதற்குள் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள். ஸ்டுடியோவில் எல்லாரும் மண்டபங்களில் இருந்தார்கள். கல்யாணம் இல்லாத மார்கழியில்தான் டிசைன் வந்தது. அதில் மாப்பிள்ளையின் பெரியப்பா குடும்பம் விட்டுப்போயிருந்தது. திருத்தி, ஒப்புதல் வாங்கி, அச்சுக்குப் போய்ப் பைண்டிங் முடியப் பொங்கல். டிசைன் தர ஸ்டுடியோ எடுத்துக்கொண்ட காலம் அதிகம் என்பது என் முடிவு. படத் தேர்வு கைக்கு வந்த நாளிலிருந்து இத்தனை நாளில் டிசைன், ஒப்புதல் தந்த பின் இத்தனை நாளில் ஆல்பம் என்று இரண்டு கெடுவாக எழுதி வாங்கியிருந்தால் கேட்க வழி இருந்திருக்கும்.

கேண்டிட் படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் மேடையில் ஃப்ளாஷோடு வழக்கமான படங்களை எடுக்க, இன்னொருவர் நீள லென்ஸோடு தூரத்தில் நின்றார். தாரை வார்க்கும்போது அண்ணன் உதட்டைக் கடித்து அழுகையை அடக்கியதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, படத்தில் இருக்கிறது. "ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிங்க" என்று சொல்லி எடுப்பதையும் கேண்டிட் என்றே விற்கிறார்கள். மாதிரி ஆல்பத்தில் மணமக்கள் மட்டும் பூங்காவில் சிரித்துக்கொண்டிருந்தால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏதாவது ஒரு கல்யாணத்தின் முகூர்த்த நேரப் படங்களை வரிசையாகக் காட்டச் சொல்லுங்கள். மண்டபத்து வெளிச்சத்தில், அவசரத்தில், அவர் கை எப்படி என்று அதில் தெரிந்துவிடும்.

விருந்தினர்களிடம் நடந்துகொண்ட விதம் பாதி நல்லது, பாதி மோசம். தாலி கட்டும்போது மணவறைக்கு முன் சுவர்போல நிற்காமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, ஒருவர் கீழே உட்கார்ந்து எடுத்தார். பின்வரிசையில் இருந்தவர்களும் அட்சதை போட்டார்கள். அதே குழுவின் வீடியோக்காரர் பந்தியில் லைட்டைப் பிடித்துக்கொண்டு இலை இலையாக நகர்ந்தார். வாயில் சோற்றோடு இருந்த ஒரு பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் போய்ச் சொன்ன பிறகே லைட் அணைந்தது. சாப்பிடுகிறவரைப் படம் எடுப்பது மரியாதையே அல்ல.

இந்த ஸ்டுடியோவைக் கேண்டிடுக்காக இன்னொருவருக்குச் சொல்வேன். ஆனால் முன்பணம் கொடுக்குமுன் அந்த இரண்டு கெடுவையும், பந்தியில் கேமரா வரக்கூடாது என்பதையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆல்பம் கைக்கு வரும்வரை பாக்கித் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள்.