புரண்டு படுத்தாலும் தணியாத எலும்பு வலி

எலும்பிலும் மூட்டிலும் வரும் பெரும்பாலான வலிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. குனிந்தால், சுமை தூக்கினால், நெடுநேரம் நின்றால் கூடும், படுத்தால் குறையும். இரவில் விழிப்பு வந்தாலும், ஒருக்களித்துப் படுத்தால் மீண்டும் தூக்கம் பிடிக்கும். தசையின் மீதும் தேய்ந்த மூட்டின் மீதும் விழும் பாரமே காரணம் என்பதால், பாரம் குறைந்ததும் வலியும் குறைகிறது. எந்தப் பக்கம் புரண்டாலும் விடாமல், தூங்குகிறவரை எழுப்பி உட்காரவைக்கும் வலி இந்த ஒழுங்குக்குள் வராது. அதன் காரணம் எலும்புக்கு உள்ளேயே இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுறுவது இதனால்தான்.

எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் வலி நரம்புகள் மிகுதி. உள்ளிருக்கும் மஜ்ஜையிலும் அவை உண்டு. உடம்பின் வேறு இடத்தில் தோன்றிய புற்றுநோய் எலும்புக்குப் பரவினால், அதன் செல்கள் எலும்பைக் கரைக்கும் இயல்பான செல்களை அளவுக்கு மீறித் தூண்டிவிடுகின்றன. அவை அமிலம் சுரந்து எலும்பை அரிக்கின்றன. அந்த அமிலமும் அழற்சிப் பொருள்களும் நரம்புகளைச் சீண்டுகின்றன. கட்டி பெருக்கும்போது மேற்சவ்வும் இழுபடுகிறது. எலும்பில் சீழ் பிடித்தாலும் காசநோய் தாக்கினாலும் உள்ளே அழுத்தம் கூடுகிறது. இவை எதுவும் படுக்கும் விதத்தைப் பொறுத்து மாறுவதில்லை. இரவில் அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் சுரப்பு குறைவதும், கவனத்தைத் திருப்ப வேறு வேலை இல்லாததும் வலியை இன்னும் உணரவைக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று 6 ஆண்டுகள் நலமாக இருந்த, 60 வயது கடந்த ஒரு பெண்ணுக்கு நடுமுதுகில் வலி தொடங்குகிறது. தேய்மானத்தால் வரும் வலி பெரும்பாலும் கழுத்திலும் இடுப்பிலும் வருவது. நடுமுதுகு என்பதே முதல் குறிப்பு. ஐந்தாவது வாரத்தில், மல்லாந்து படுத்தால் வலி கூடுவதால் அவர் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறார். இருமினால் வலி வெட்டுகிறது. மார்பைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்குவது போலிருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்தால் கோளாறு எதுவும் தெரிவதில்லை. பலர் ஏமாறும் இடம் இதுதான். முதுகெலும்பின் உட்பகுதியில் ஏறத்தாழ பாதியளவு கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் மாற்றம் தெளிவாகத் தெரியும். பழைய புற்றுநோயை நினைவில் வைத்து மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். இரண்டு முதுகெலும்புகளில் நோய் பரவியிருப்பதும், கட்டி தண்டுவடத்தை நெருங்கியிருப்பதும் தெரிகின்றன.

அந்த நெருக்கம்தான் அவசரத்துக்குக் காரணம். தண்டுவடம் நசுங்கத் தொடங்கினால் கால் தளரும், மரத்துப்போகும், பிறகு சிறுநீர் மலக் கட்டுப்பாடு போகும். நடக்க முடிகிற நிலையில் சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால்கள் முழுதும் செயலிழந்த பின் வருகிறவர்களில் மிகச் சிலரே மீண்டும் நடக்கிறார்கள். மேலே சொன்ன பெண்ணுக்கு வலி மட்டுமே இருந்தது. கதிர்வீச்சும், எலும்புக் கரைவைத் தடுக்கும் மருந்தும், புற்றுநோய்க்கான சிகிச்சையும் தொடங்கப்பட, நடை காக்கப்படுகிறது.

எலும்புக்கு அதிகமாகப் பரவுபவை மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் புற்றுநோய்கள். மஜ்ஜையிலேயே தோன்றும் மைலோமாவும் உண்டு. வளரும் வயதினருக்கு முழங்காலை ஒட்டி எலும்புப் புற்றுநோய் வரலாம். அதை 'வளர்ச்சி வலி' என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு. வளர்ச்சி வலி இரு கால்களிலும் மாறி மாறி வரும், தேய்த்துவிட்டால் இதமாகும், காலையில் இருக்காது. ஒரே காலில் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நீடிப்பதும் வீங்குவதும் அந்த வகை அல்ல.

இரவு வலி மட்டும் நோயை உறுதிசெய்யாது. சாதாரண முதுகுவலிக்காரர்கள் பலரும் இரவில் விழிக்கிறார்கள். இளைஞர்களுக்கு வரும் தீங்கற்ற ஒரு சிறு எலும்புக் கட்டியும் இரவில் கடுமையாக வலித்து, ஆஸ்பிரினால் தணியும். ஆகவே முன்பு புற்றுநோய் இருந்ததா, எடை குறைகிறதா, காய்ச்சல் உண்டா, வலி வாரந்தோறும் கூடுகிறதா என்று மருத்துவர் சேர்த்துப் பார்க்கிறார். இவற்றில் ஒன்று இருந்தாலும் சில நாள்களுக்குள் பரிசோதனை வேண்டும். கால் தளர்ச்சியோ சிறுநீர் அடைப்போ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.