புனல் படத்தில் அகலம் பேச வேண்டும்

விற்பனைக் கூட்டங்களில் காட்டப்படும் புனல் படம் பெரும்பாலும் ஒரு தலைகீழ் முக்கோணம்தான். அதைச் சம உயரத்தில் ஐந்து துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் பூசியிருப்பார்கள். எண்கள் மாறினாலும் படம் மாறாது. அப்படியானால் அது வெறும் அலங்காரம்.

ஒரு புடவைக் கடையின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைக்கும் எண்கள் இவை: ஒரு மாதத்தில் தளத்துக்கு வந்தவர்கள் 5000 பேர், ஏதாவது ஒரு புடவையைத் திறந்து பார்த்தவர்கள் 2000, கூடையில் போட்டவர்கள் 400, பணம் கட்டும் பக்கம் வரை போனவர்கள் 200, வாங்கியவர்கள் 150. முக்கோணத்தை ஐந்தாக வெட்டினால் துண்டுகளின் பரப்பு 9, 7, 5, 3, 1 என்ற விகிதத்தில்தான் வரும். இரண்டாவது துண்டு முதலாவதில் முக்கால் பங்குக்கு மேல் தெரியும். உண்மையில் பார்த்தவர்கள் பாதிகூட இல்லை, 40% தான்.

ஆகவே முக்கோணத்தை விட்டுவிட்டு, நடுக்கோட்டில் மையம் வைத்த பட்டைகளாக வரையுங்கள். 250 பேருக்கு 1 செ.மீ. என்று வைத்தால் அகலங்கள் 20, 8, 1.6, 0.8, 0.6 செ.மீ. என்று வரும். உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அழகுக்காக உயரத்தையும் அதே அளவில் குறைத்தால் 40% இருக்க வேண்டிய பரப்பு 16% ஆகச் சுருங்கிவிடும். எக்செல் 2019 முதல் உள்ள புனல் வரைபடம் இந்தப் பட்டைகளைத் தானே சரியாகப் போட்டுவிடும். ஆனால் சதவீதத்தை நாம்தான் எழுத வேண்டும்.

கீழே உள்ள பட்டைகள் மெலிந்து போய், எழுத்து உள்ளே நுழையாது. அதற்காக அவற்றை அகலப்படுத்திவிடாதீர்கள். படியின் பெயரை இடப்பக்கமும் எண்ணிக்கையை வலப்பக்கமும் வெளியே எழுதினால் போதும். கடைசி மூன்று படிகளைத்தான் அலச வேண்டும் என்றால், 400-ல் தொடங்கும் தனிப் படம் போட்டு, அளவு மாறியிருப்பதை அதிலேயே குறிப்பிடலாம்.

சதவீதத்தின் இடம் பட்டைக்குள் இல்லை, இரண்டு பட்டைகளுக்கு நடுவே. ‘கூடை: 20%’ என்று மட்டும் எழுதினால் எதில் 20% என்று தெரியாது. வந்தவர்களை வைத்துப் பார்த்தால் அது 8% தானே? ‘பார்த்த 2000 பேரில் 20%’ என்று எழுதிவிட்டால் குழப்பமில்லை. மொத்தக் கணக்கான 3% கடைசியில் ஒரே ஒரு முறை வந்தால் போதும். ஏதாவது ஓர் இடத்தில் 100%-ஐத் தாண்டினால் எண்ணியதில் கோளாறு: ஒரு படியில் ஆட்களையும் அடுத்ததில் சொடுக்குகளையும் எண்ணியிருப்பார்கள், அல்லது விளம்பர இணைப்பு வழியாகச் சிலர் நடுவிலேயே நுழைந்திருப்பார்கள்.

இப்படி வரைந்த படத்தில் கண் முதலில் போவது 3000 பேர் கழன்ற மேல் இடைவெளிக்கு. எழுதிய சதவீதமோ அதற்கு அடுத்த இடத்தைக் காட்டும்; ஐந்தில் ஒருவர்தான் அங்கே தேறியிருக்கிறார். முதல் இடத்தில் போனவர்களில் சும்மா எட்டிப் பார்த்தவர்கள் பலர் இருக்கலாம். ஆனால் புடவையைத் திறந்து பார்த்துவிட்டு 1600 பேர் கூடையில் போடாமல் போயிருக்கிறார்கள். கடைக்காரர் முதலில் சரிபார்க்க வேண்டியது அந்தப் பக்கத்தில் உள்ள விலை, புகைப்படம், அனுப்பும் கட்டணம் ஆகியவற்றைத்தான்.