எண் முன்னே, பெயர் பின்னே: செய்தியில் ஒட்டினாலும் குலையாத அட்டவணை

வெறும் எழுத்தால் ஆன அட்டவணையில் கட்டமோ கோடோ கிடையாது. ஒரு நெடுவரிசை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவது இடையில் விடப்படும் வெற்று இடைவெளிகள்தான். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இத்தனை இடம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, எழுத்து குறைவாக உள்ள வரிகளில் மீதி இடத்தை இடைவெளியால் நிரப்புவதே இதன் முறை. நான்கு இடம் ஒதுக்கிய நெடுவரிசையில் 480 என்ற எண் வந்தால், முன்னால் ஓர் இடைவெளி சேர்த்து நான்காக்க வேண்டும். அப்போது மேலே உள்ள 1120 என்ற எண்ணின் கடைசி இலக்கத்துக்கு நேர் கீழே 480இன் கடைசி இலக்கம் வந்து உட்காரும்.

எழுத்து, எண், இடைவெளி எல்லாம் ஒரே அகலத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் அப்படித்தான் இருந்தது. எந்த விசையைத் தட்டினாலும் உருளை ஒரே அளவு நகரும். கணினியில் கூரியர் போன்ற சம அகல எழுத்துருக்கள் அந்தப் பழக்கத்தைத் தொடர்கின்றன. வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் சாதாரணமாகத் தெரியும் எழுத்துரு அந்த வகை அல்ல. அதில் ஐ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து ஒல்லியானது, டபிள்யூ அகலமானது, இடைவெளியோ இரண்டுக்கும் சம்பந்தமில்லாத இன்னோர் அளவு. உதாரணமாக, ஏரியல் எழுத்துருவில் எல்லா இலக்கங்களும் ஒரே அகலம். ஆனால் இடைவெளியின் அகலம் இலக்கத்தில் சரிபாதி. நான்கு இடமாக எண்ணிச் சேர்த்தது அங்கே மூன்றரை இடமாகிவிடும். வரிக்கு வரி இந்த அரை இடங்கள் கூடிக் குறைவதால்தான், அனுப்பியவரின் திரையில் நேராக நின்ற பட்டியல் பெறுபவரின் திரையில் பல் வரிசை கோணியதுபோல் தெரிகிறது. ஓர் இலக்கத்துக்கு இரண்டு இடைவெளி வைத்து ஏரியலில் சமாளிக்கலாம். எதிராளியின் கைப்பேசியில் என்ன எழுத்துரு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்பதால் அதை நம்பி இறங்க முடியாது.

வழி எளிது. செய்தியின் அந்தப் பகுதியை மட்டும் சம அகல எழுத்துருவில் காட்டச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் அட்டவணைக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று என்று பேக்டிக் குறியை (`) இட்டால் போதும். ஆங்கில விசைப்பலகையில் குறிகள் உள்ள பக்கத்தில் இது இருக்கும். ஐபோனில் ஒற்றை மேற்கோள் குறியை அழுத்திப் பிடித்தால் வரும். ஒற்றை மேற்கோள் குறியையே மூன்று முறை தட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறவர்கள் நிறைய. பேக்டிக் இடப்பக்கம் சாய்ந்த சிறு கோடு. மேற்கோள் குறி நேராகவோ வளைந்தோ இருக்கும்.

ஆங்கிலப் பட்டியலுக்கு இத்தோடு வேலை முடிந்தது. தமிழ்ப் பட்டியலுக்கு இங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

கைப்பேசியில் உள்ள சம அகல எழுத்துருவில் பொதுவாகத் தமிழ் இருக்காது. அதில் இல்லாத எழுத்து வந்தால், கருவி தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த எழுத்துருவில் ‘ர’ குறுகலாகவும் ‘ண’ அகலமாகவும் இருக்கும். ‘கொ’ மூன்று உருக்களாக விரியும். ஆகவே பேக்டிக்கு நடுவே இருந்தாலும் தமிழ்ச் சொற்கள் சம அகலத்தில் நிற்பதில்லை. இதற்கு மேல் எண்ணிக்கையிலும் ஒரு குழப்பம் உண்டு. ‘தக்காளி’ நமக்கு நான்கு எழுத்து: த, க், கா, ளி. கணினிக்கு அது ஏழு. த, க, புள்ளி, க, துணைக்கால், ள, இகரக் குறி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. ‘உருளைக்கிழங்கு’ நமக்கு எட்டு, அதற்குப் பதினான்கு. எக்செலின் LEN சார்பு தருவதும் இந்தக் கணக்கைத்தான். பெயர் நெடுவரிசைக்குப் பதினைந்து இடம் என்று சொன்னால், கணினி தக்காளிக்குப் பின் எட்டு இடைவெளி, உருளைக்கிழங்குக்குப் பின் ஒன்று என்று நிரப்பிக்கொண்டு போகும். திரையில் அந்தப் பெயர்கள் பிடிக்கும் அகலத்துக்கும் இந்த எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. எழுத்துகளை விரல்விட்டு எண்ணிக் கையால் நிரப்பினாலும் இதே கதி. எழுத்தெண்ணிக்கையும் அகலம் அல்லவே.

நிரப்ப முடியாததை நிரப்பாமல் விடுவதே நல்லது. ஒரு வரியில் கடைசியாக வரும் நெடுவரிசைக்குப் பின் எதுவும் நேராக நிற்க வேண்டியதில்லை; அதனால் அதற்கு நிரப்பலே தேவைப்படாது. தமிழ்ப் பெயரை அந்தக் கடைசி இடத்துக்குத் தள்ளி, எண்களை முன்னால் கொண்டுவந்துவிட்டால் மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் விலகிவிடும். பொருள் முதலில், விலை பின்னால் என்று பழகிய கண்ணுக்கு இது தொடக்கத்தில் உறுத்தும். அடுத்த பட்டியலிலேயே பழகிவிடும்.

ஒரு வீட்டு விசேஷத்துக்குக் காய்கறி வாங்கிய கணக்கை எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து கிலோ தக்காளி கிலோ 32 ரூபாய், பன்னிரண்டு கிலோ சின்ன வெங்காயம் 85, நாற்பது கிலோ உருளைக்கிழங்கு 28, இரண்டரை கிலோ பச்சை மிளகாய் 90, அரை கிலோ இஞ்சி 160. இதில் கிலோ நெடுவரிசையின் மிக நீளமான உருப்படி 40.0, புள்ளியோடு சேர்த்து நான்கு இடம். விலையில் மிக நீளமானது 160, மூன்று இடம். தொகையில் மொத்தமான 2925, நான்கு இடம். நெடுவரிசைகளுக்கு இடையே இரண்டிரண்டு இடைவெளி.

```
15.0   32   480  தக்காளி
12.0   85  1020  சின்ன வெங்காயம்
40.0   28  1120  உருளைக்கிழங்கு
 2.5   90   225  பச்சை மிளகாய்
 0.5  160    80  இஞ்சி
---------------
           2925  மொத்தம்
```

எண்கள் எல்லாம் வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றன. ஒன்றுக்குக் கீழ் ஒன்று, பத்துக்குக் கீழ் பத்து என்று வந்தால்தான் கூட்டிப் பார்க்க முடியும். 15 கிலோவை 15.0 என்று எழுதியதும் இதற்காகவே. ஒரு வரியில் 15, இன்னொன்றில் 2.5 என்று விட்டால், இரண்டின் கடைசி இலக்கங்கள் ஒரே நேர்கோட்டில் நின்று, 2.5 முதற்பார்வைக்கு 25 போலத் தோன்றும்.

அட்டவணைக்குள் தலைப்பு வரி இல்லாததையும் கவனிக்கலாம். ‘கிலோ’, ‘விலை’, ‘தொகை’ என்று தமிழில் எழுதினால் அவையும் தத்தம் நெடுவரிசையை விட்டு விலகி நிற்கும். ‘வரிசை: கிலோ, விலை, தொகை, பொருள், தொகை ரூபாயில்’ என்று பேக்டிக்குக்கு வெளியே, சாதாரண எழுத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். ரூபாய்க் குறியையும் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் போடாமல் அங்கேயே சொல்லிவிடலாம். சில கருவிகளில் அந்தக் குறியும் வேறு எழுத்துருவிலிருந்து வந்து அகலத்தைக் கெடுக்கும். தலைப்பு வரி முதலில் வருவதில் இன்னொரு பயனும் உண்டு. சில செயலிகள் செய்தியின் தொடக்கத்தில் உள்ள இடைவெளிகளை வெட்டிவிடும். முதல் வரியே 2.5இல் தொடங்கும் அட்டவணையாக இருந்தால் அந்த ஒரு வரி மட்டும் இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

இதைக் கைப்பேசியிலேயே தட்டுவதில் இரண்டு கண்ணிகள் உள்ளன. இடைவெளியை இரண்டு முறை தொடர்ந்து தட்டினால் முற்றுப்புள்ளி வைக்கும் வசதி பல விசைப்பலகைகளில் இயல்பாகவே இயங்கும். அட்டவணைக்காக நான்கு முறை தட்டியவர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி முளைத்திருப்பதைப் பார்ப்பார், அல்லது பார்க்காமலே அனுப்பிவிடுவார். ஐபோனில் இரண்டு சிறு கோடுகளைத் தட்டினால் ஒரே நீளக் கோடாக மாறும். அடிக்கோடு திடீரென்று குட்டையாகவோ நீளமாகவோ தெரிந்தால் காரணம் இதுதான். அமைப்புகளில் இரண்டையும் நிறுத்தி வைக்கலாம். கணினியில் தயாரித்து ஒட்டுவது அதைவிடச் சுலபம்.

கணினி என்றதும் எக்செலில் இருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டத் தோன்றும். அப்படி ஒட்டும்போது நெடுவரிசைகளுக்கு நடுவே வருவது இடைவெளி அல்ல, டேப். டேப் என்பது ‘அடுத்த நிறுத்தத்துக்குத் தாவு’ என்ற கட்டளை. நிறுத்தங்கள் எங்கே என்பதைப் பெறும் செயலிதான் முடிவு செய்கிறது. சில செயலிகள் அதை ஒற்றை இடைவெளியாகவே சுருக்கிவிடுகின்றன. எனவே எக்செலிலேயே இடைவெளி நிரப்பி, வரி முழுவதையும் ஒரே கட்டத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஏயில் கிலோ, பீயில் விலை, சீயில் தொகை, டீயில் பெயர் இருந்தால், ஈ நெடுவரிசையில் இந்தச் சூத்திரத்தை எழுதிக் கீழே இழுக்கலாம்.

```
=RIGHT("    "&TEXT(A2,"0.0"),4)&"  "&RIGHT("   "&B2,3)&"  "&RIGHT("    "&C2,4)&"  "&D2
```

எண்ணுக்கு முன்னால் தாராளமாக இடைவெளி சேர்த்துவிட்டு, வலப்பக்கத்திலிருந்து தேவையான இடங்களை மட்டும் வெட்டி எடுப்பதுதான் இதன் உத்தி. உத்தியில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஒதுக்கியது நான்கு இடம், வந்த தொகை 12500 என்றால், RIGHT எந்தப் பிழையும் காட்டாமல் 2500 என்று வெட்டித் தரும். அட்டவணை கச்சிதமாக நேராக நிற்கும், கணக்கில் பத்தாயிரம் ரூபாய் காணாமல் போயிருக்கும். கோணல் அட்டவணையைவிட இது மோசம். பார்த்தவுடன் தெரியாது என்பதுதான் காரணம். ஆகையால் இடத்தை ஒதுக்கும் முன் அந்த நெடுவரிசையின் மிகப் பெரிய எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். தொகையில் அது பெரும்பாலும் மொத்தமாகவே இருக்கும். 1,20,000 என்று காற்புள்ளியோடு எழுதுவதானால் காற்புள்ளிகளுக்கும் ஆளுக்கு ஓர் இடம் வேண்டும்.

அடுத்தது அகலம். திரையின் அகலத்தை மீறிய வரி மடிந்து அடுத்த வரியில் விழும். அதன்பின் எத்தனை நேர்த்தியாக நிரப்பியிருந்தும் பயனில்லை. எத்தனை எழுத்து கொள்ளும் என்பது கருவியையும், பயனர் வைத்திருக்கும் எழுத்தளவையும் பொறுத்தது. பெரிய எழுத்து வைத்திருக்கும் வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் மிகக் குறைவாகவே கொள்ளும். மேலே உள்ள கணக்கில் எண்கள் பிடிப்பது பதினைந்து இடம்தான். ‘சின்ன வெங்காயம்’ மடிந்தாலும் எண்கள் தம் இடத்தை விட்டு நகராது. பெயரைக் கடைசியில் வைத்ததால் கிடைக்கும் இன்னொரு பலன் இது. தேதி, பில் எண், கடை என்று மேலும் இரண்டு மூன்று நெடுவரிசைகளைச் சேர்க்கத் தொடங்கினால் கைப்பேசித் திரை தாங்காது. அவற்றை இரண்டு அட்டவணைகளாகப் பிரித்துவிடலாம், அல்லது கோப்பாகவே அனுப்பிவிடலாம். அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே ஒருமுறை அனுப்பிப் பார்த்தால் கோணலும் மடிப்பும் தெரிந்துவிடும்.

மின்னஞ்சலில் பேக்டிக் செல்லாது. ஜிமெயிலில் எழுத்துருப் பட்டியலில் சம அகல எழுத்துருவைத் தேர்ந்து அட்டவணைக்குக் கொடுக்க வேண்டும். சாதாரண எஸ்எம்எஸ்ஸில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க எந்த வழியும் இல்லை. அங்கே அட்டவணை ஆசையை விட்டுவிட்டு, ‘தக்காளி 15 கிலோ x 32 = 480’ என்று பொருளுக்கு ஒரு வரியாக எழுதுவதே சரி.