அளவுகோல் இல்லாமல் கல்லை அளப்பது

செங்கல் என்றால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிக் கன அளவைச் சொல்லிவிடலாம். கோணல்மாணலான கருங்கல் துண்டுக்கு என்ன செய்வது? தண்ணீரையே அளக்கச் சொல்லலாம்.

கல்லை மெல்லிய நூலில் கட்டி, சுருள்வில் தராசில் தொங்கவிடுங்கள். காற்றில் 540 கிராம் காட்டுகிறது என்போம். அப்படியே வாளித் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தினால் முள் 340-க்கு இறங்குகிறது. கல் இளைத்துவிடவில்லை, தண்ணீர் அதைக் கீழிருந்து தாங்குகிறது. எவ்வளவு தாங்குகிறது? கல் ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை அளவுக்கு. ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதைத்தான்.

குறைந்தது 200 கிராம். ஒரு கிராம் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு கன சென்டிமீட்டர் இடம் வேண்டும். ஆகவே கல்லின் கன அளவு 200 கன செ.மீ. 540-ஐ 200-ஆல் வகுத்தால் அடர்த்தி 2.7. கருங்கல்லுக்குப் பொருத்தமான விடைதான்.

விடை 2.7-க்குக் குறைந்து வந்தால் முதலில் வாளியின் அடியைப் பாருங்கள். கல் தரையைத் தொட்டால் தரையும் கொஞ்சம் எடையைத் தாங்கிக்கொள்ளும். நூலைச் சற்றே உயர்த்துங்கள். முள்ளும் ஏறினால் கல் தரையில்தான் இருந்திருக்கிறது. ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளும் இதே தவறைச் செய்யும். கல்லை முன்பே நனைத்து, விரலால் தேய்த்துவிட்டால் போதும்.

செம்புரைக்கல் வேறு கதை. அமிழ்த்தியதும் அதன் துளைகளிலிருந்து குமிழிகள் சரம்சரமாகக் கிளம்பும். முள் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் உள்ளே புகப்புக, கல் ஒதுக்கும் தண்ணீர் குறைகிறது. அங்கே எந்த எண்ணை எடுப்பது என்பது, துளைகளையும் கல்லோடு சேர்த்துக் கணக்கிடுகிறோமா என்பதைப் பொறுத்தது.