முடிவுக்கு முன்பே ஒப்புதல்

சிகிச்சை பலித்தால் ஆய்வு அச்சேறும். பலிக்காவிட்டால் பெரும்பாலும் மேசைக்குள் முடங்கும். இதை மாற்றத்தான் 2013-இல் ‘கார்டெக்ஸ்’ இதழ் பதிவு அறிக்கை முறையைக் கொண்டுவந்தது. தரவு சேகரிக்கும் முன்பே திட்டம் மதிப்பாய்வுக்குப் போகும். தேறினால், திட்டப்படி நடத்தியவரை, முடிவு எதுவானாலும் வெளியீடு உண்டு.

முதல் கட்டத்தில் பலர் தடுமாறுவது ஆள் கணக்கில். தூக்கச் சிகிச்சை மனச்சோர்வைக் குறைக்குமா என்ற ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஹாமில்டன் அளவுகோலில் எத்தனை புள்ளி குறைந்தால் நோயாளிக்குப் பயன்? 3 என்றால், ஏன் 3 என்று காரணம் எழுத வேண்டும். திட்டவிலக்கம் 6 என்றால், அந்த வேறுபாட்டை 90 சதவீத வாய்ப்போடு கண்டறிய, குழுவுக்குச் சுமார் 85 பேர் வேண்டும். ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிடுவார் என்று வைத்தால், இரு குழுவுக்கும் ஏறக்குறைய 215 பேர். ‘முந்தைய ஆய்வில் 40 பேர்தானே’ என்பது காரணமே அல்ல. எந்த வாரத்து மதிப்பெண் முதன்மை என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு சாதகமான வாரத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம்.