வீடு படம் பிடித்த படலம்

"அத்தான், அது வீடா, கப்பலா?" என்று டொராண்டோவிலிருந்து என் மைத்துனன் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னைக்கே திரும்பப் போகிறான். மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு பார்த்து, செல்போனில் படம் பிடித்து அனுப்பும்படி சொல்லியிருந்தான். இதென்ன பிரமாதம் என்று நானும் போனை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்தபடி விடுவிடென்று நடந்து எடுத்து அனுப்பிவிட்டேன். என் ஒவ்வோர் அடிக்கும் சுவர் ஒரு துள்ளுத் துள்ளியிருந்தது!

கல்யாண வீடியோ எடுக்கும் பையன் ஒருவன்தான் என்னைக் கரையேற்றினான். போனைக் குறுக்கே படுக்க வைத்து, இரு கைகளாலும் மார்புக்கு நேரே பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். முழங்காலைச் சற்றே தளர்த்தி, குதிகாலை முதலில் பதித்து, பிறகு விரல்களை இறக்கி மெதுவாக நடக்க வேண்டும். நிறைந்த பால் சொம்பை ஏந்தி வருகிற நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்குகளையெல்லாம் போட்டுவிட வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் போன் தானாக ஆட்டத்தை அடக்குகிற வித்தை சரியாகப் பலிக்காது, படம் கலங்கிவிடும். அறைக்குள் போனதும் ஜன்னலோரத்து மூலையில் நின்று, இடுப்பை மட்டும் மெல்லத் திருப்ப வேண்டும். ஜன்னலை நேரே பார்த்து எடுத்தால் அறை கறுத்துப் போகும்.

அடுத்த வீட்டில் அப்படியே செய்தேன். திரையில் 0.5 என்று இருந்ததைத் தொட்டேன். அடடா, பத்தடி அறை கல்யாண மண்டபமாக விரிந்தது! மைத்துனன் பார்த்துவிட்டு, "பிரமாதம் அத்தான், இன்றே அட்வான்ஸ் அனுப்புகிறேன்" என்றான்.

குறுக்கே விழுந்தவள் என் மனைவிதான். "அம்மாவின் சக்கர நாற்காலி குளியலறைக்குள் போகுமா?" என்றாள்.

டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். நிலைக்கு நிலை 24 அங்குலம். அங்கே நாற்காலியை அளந்து சொன்னான்: இருபத்தைந்தரை. அகலக் கண்ணாடி செய்த மாயம் அது. சின்ன இடத்தையும் முழுசாகக் காட்டும். ஆனால் அளவைப் பற்றி வாய் கூசாமல் பொய் சொல்லும். அன்றிலிருந்து கூடம், படுக்கையறைக்கு 1. நின்று எடுக்க இடமில்லாத சமையலறை, குளியலறைக்கு மட்டும் 0.5.

மூன்றாவது வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு (அதன் இரைச்சலில் பேச்சு அமுங்கிவிடும்), தெருக்கதவிலிருந்து வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தேன். எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு வழி என்பது அப்போதுதானே விளங்கும்? ஒவ்வொரு வாசலிலும் நின்று, டேப்பை வைத்துக் காட்டி, வாயாலும் சொன்னேன்: "இது குளியலறை. நிலைக்கு நிலை 29 அங்குலம். உள்ளே இறங்க ஒரு படி, 4 அங்குலம். குழாயைத் திறக்கிறேன், பார்." படம் தெளிவு குறையாமல் போய்ச் சேர, வாட்ஸ்அப்பில் அதை டாக்குமெண்டாக அனுப்பினேன்.

இரவு பத்து மணிக்கு போன் வந்தது. மாமியாரே பேசினார்.

"மாப்பிள்ளை, அந்தப் படிக்கு ஒரு சாய்வுப் பலகை போட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா, கேளுங்கள்."