கார்டு மெஷின் வேணுமா, வேண்டாமா? - 30 நாள் நோட்டு சொல்லும் பதில்!

“கடைக்கு கார்டு மெஷின் வாங்கலாமானு யோசிக்கிறவங்க, எத்தனை பேர் கார்டு நீட்டுவாங்கனு கணக்குப் போடாதீங்க. மெஷின் இல்லைனு சொன்னதும் எத்தனை பேர் பொருளை வெச்சுட்டுப் போறாங்கனு கணக்குப் போடுங்க!”

ஈரோட்டில் சிறு வணிகர்களுக்காக நடந்த பயிலரங்கு ஒன்றில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் பேசியதன் சாரம் இதுதான். வங்கியில் இருந்தபோது கடைக்காரர்களின் கணக்குகளைப் பல ஆண்டுகள் கவனித்தவர் அவர். எதிரே அமர்ந்திருந்தவர்களில் ஜவுளிக்கடை, மளிகைக்கடை, பேன்ஸி ஸ்டோர், பேக்கரி என எல்லாத் தரப்பினரும் இருந்தார்கள். பலருடைய கல்லாவிலும் இப்போது இருப்பது ரொக்கமும் யுபிஐ-யும்தான். ‘அடுத்து கார்டும் வேணுமா?’ என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

எதற்கு என்ன செலவு?

“முதல்ல எதுக்குக் காசு பிடிப்பாங்க, எதுக்குப் பிடிக்க மாட்டாங்கனு தெரிஞ்சுக்கோங்க” என்று தொடங்கினார் அவர்.

வாடிக்கையாளர் தன் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் செலுத்தினால், கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கப்படுவதில்லை. ரூபே டெபிட் கார்டுக்கும் அப்படியே. 2020 ஜனவரியிலிருந்து இதுதான் நடைமுறை. பணம் வந்ததை வாய்விட்டுச் சொல்லும் ஸ்பீக்கர் பாக்ஸுக்கு மட்டும் மாத வாடகை இருக்கலாம்.

மற்ற டெபிட் கார்டுகளுக்குக் கட்டணம் உண்டு. ஆனால், அதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் கடை என்றால், மெஷினில் தேய்க்கும்போது 0.40 சதவிகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. கிரெடிட் கார்டுக்கு இப்படி உச்சவரம்பு கிடையாது. வங்கியும் கடைக்காரரும் பேசி முடிவு செய்வதுதான் விகிதம். “கடைக்காரங்களுக்குக் கை கடிக்கிறது இந்த இடத்துலதான்” என்றார்.

20 பில்... 2,006 ரூபாய்!

அடுத்து, பலகையில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்கை எழுதினார். விகிதமும் வாடகையும் வங்கிக்கு வங்கி மாறும் என்பதால், இவை உதாரணத்துக்கான எண்கள் மட்டுமே.

மாதத்தில் 20 பேர் கிரெடிட் கார்டில் தலா 3,000 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். வங்கிக் கட்டணம் 2 சதவிகிதம் என்றால், ஒரு பில்லுக்கு 60 ரூபாய். அந்த 60 ரூபாய்க்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி 10.80 ரூபாய். ஆக, ஒரு பில்லுக்கு 70.80 ரூபாய். 20 பில்லுக்கு 1,416 ரூபாய். மெஷின் வாடகை 500 ரூபாய், அதற்கு வரி 90 ரூபாய். எல்லாம் சேர்த்து மாதச் செலவு 2,006 ரூபாய்.

“60,000 ரூபாய் வியாபாரத்துல 2,006 ரூபாய் போனா என்னங்க மேடம்? பெரிய தொகை இல்லையே!” என்றார் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர்.

“அண்ணே, விற்பனையோட ஒப்பிடாதீங்க, லாபத்தோட ஒப்பிடுங்க” என்றார் அவர். ஜவுளியில் 20 சதவிகிதம் லாபம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 3,000 ரூபாய் சேலைக்கு 600 ரூபாய். 2,006-ஐ 600-ஆல் வகுத்தால் மூன்றேகாலுக்குச் சற்று மேல் வரும். அதாவது, கார்டு கொடுத்த 20 பேரில் குறைந்தது 4 பேராவது, ‘மெஷின் இல்லையென்றால் வாங்காமலே போயிருப்பார்கள்’ என்ற ரகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் மெஷின் லாபம். மீதி 16 பேர், மெஷின் இல்லாவிட்டாலும் யுபிஐ-யிலோ ரொக்கமாகவோ கொடுத்திருப்பார்கள். அவர்கள் கார்டுக்கு மாறியதால் கடைக்குச் செலவுதானே தவிர, வரவு இல்லை.

இதே கணக்கை மளிகைக்கடைக்குப் போட்டபோது அரங்கில் சலசலப்பு. லாபம் 8 சதவிகிதம் என்றால், 3,000 ரூபாய் பில்லில் நிற்பது 240 ரூபாய்தான். அங்கே 20 பேரில் 9 பேர் அப்படிப்பட்டவர்களாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். “தெருவுல இருக்கிற மளிகைக்கடையில, கார்டு இல்லைனு பாதிப்பேர் திரும்பிப் போவாங்களா? நீங்களே சொல்லுங்க” என்றார்.

“கார்டு இருந்தா 2,000 ரூபாய்க்கு வாங்க வந்தவங்க 3,000 ரூபாய்க்கு வாங்குவாங்களே மேடம்?” என்று கேட்டார் பெண் ஒருவர்.

“சரியான கேள்விம்மா. ஜவுளியில அந்தக் கூடுதல் 1,000 ரூபாய்க்கு லாபம் 200. அப்படி மூணு பேர் இருந்தா, திரும்பிப் போக இருந்த ஒருத்தரைப் பிடிச்சதுக்குச் சமம்.”

கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு

திரும்பிப் போகிறவர்களை எப்படி எண்ணுவது? அதற்கு அவர் சொன்ன வழி, கல்லா பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும். ‘கார்டு எடுப்பீங்களா?’ என்று யார் கேட்டாலும் ஒரு வரி எழுத வேண்டும். பில் தொகை எவ்வளவு, பிறகு என்ன செய்தார் என்பது மட்டும் போதும். வேறு வழியில் பணம் கொடுத்திருந்தால் டிக். பொருளைக் குறைத்துக்கொண்டால் ‘கு’. வாங்காமல் போனால் பெருக்கல் குறி. முகூர்த்த மாதம், பண்டிகை மாதம் இரண்டையும் தவிர்த்து, சாதாரணமான 30 நாள்கள் எழுத வேண்டும். கல்லாவில் வேறு ஆள் உட்காரும் நேரத்திலும் எழுதச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கணக்கு ஓட்டையாகிவிடும்.

“கேட்காமலே போறவங்களும் உண்டு. அவங்க இந்த நோட்டுல வர மாட்டாங்க. அதனால பெருக்கல் குறி எல்லைக்குப் பக்கத்துல வந்தா, மூணு மாசம் மெஷின் வெச்சுப் பாருங்க. ஒண்ணு ரெண்டுதான் இருந்தா, விட்டுடுங்க” என்றார்.

மெஷினுக்கு முன்பு இன்னொரு படியும் இருக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்பில் இணைத்திருப்பவர்கள், கடையின் க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்தே கார்டில் செலுத்தலாம். சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரை இதற்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் உண்டு. ஆனால், சொந்தக் கணக்கின் க்யூ.ஆரில் இது நடக்காது. வணிகர் கணக்காக இருக்க வேண்டும். இந்த வசதி தங்கள் கணக்குக்கு உண்டா என்று வங்கியில் கேட்டுக்கொள்வது நல்லது.

மெஷின் வந்த பிறகு...

மெஷின் வைத்தவர்கள் கவனிக்க வேண்டியதாக அவர் சொன்னது, மாதக் கணக்கு அறிக்கையைத்தான். கார்டு பணம் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில், கட்டணம் கழித்துக்கொண்டு மொத்தமாக வரவு வைக்கப்படும். பாஸ்புக்கை மட்டும் பார்த்தால் எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியாது. அறிக்கையில் ரூபே டெபிட் வரிகளில் கட்டணம் பூஜ்யமாக இருக்கிறதா, மற்ற டெபிட் வரிகள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தவறாக இருந்தால், அந்த வரிகளைக் குறித்து எழுத்து மூலம் வங்கியிடம் கேட்க வேண்டும்.

“டெபிட் கார்டுக்கு ‘2 பர்சன்ட் சேர்த்துக் கொடுங்க’னு வாடிக்கையாளர்கிட்ட கேட்கக் கூடாது. அந்தக் கட்டணத்தை அவங்க தலையில கட்ட ரிசர்வ் வங்கி அனுமதிக்கலை” என்றும் எச்சரித்தார்.

“ஒருவேளை ஒத்துவரலைன்னா மெஷினைத் திருப்பிக் கொடுத்துடலாம்ங்களா?” பின்வரிசையில் இருந்து கேட்டார் பேக்கரிக்காரர்.

“அதை மெஷின் வந்த பிறகு கேட்காதீங்க தம்பி, கையெழுத்துப் போடும் முன்னாடியே கேளுங்க. குறைந்தபட்சம் எத்தனை மாசம் வாடகை கட்டணும், விற்பனை குறைஞ்சா அபராதம் உண்டா, திருப்பிக் கொடுக்க என்ன கட்டணம்... இந்த மூணுக்கும் பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க. வாய்ல சொன்னா, சொன்னவர் அடுத்த மாசம் வேற ஊருக்கு மாறிப் போயிருப்பார்!”